ஐம்பது சொல்லில் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டம் ‘வீடு’ என்ற தலைப்பில் நடத்தும் கவிதைப் போட்டிக்கு ஒரே ஒரு கறாரான விதி உண்டு: சரியாக 50 சொல். வந்து சேரும் கவிதைகளை எண்ணிப் பார்க்கிற பொறுப்பு இரண்டு வருஷமாக என் கையில் இருக்கிறது. அதற்கு முன்னால் வேறு போட்டிகளுக்கு நானும் எழுதி அனுப்பியவள்தான். பாளையங்கோட்டையிலிருந்தும் அம்பாசமுத்திரம் பக்கமிருந்தும் போனில் கேட்கிறவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

50 சொல்லுக்குள் இருந்தால் போதாதா? 48 இருந்தால் என்ன குறைந்துபோகும்?

போதாது. ‘50 சொல்லுக்கு மிகாமல்’ என்று கேட்கும் போட்டி வேறு, ‘சரியாக 50’ என்று கேட்கும் போட்டி வேறு. முதலாவதில் வெட்டத் தெரிந்தால் போதும். இரண்டாவதில், வெட்டி முடித்த பிறகு எதைச் சேர்ப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். கஷ்டம் அங்கேதான் இருக்கிறது. 48-ல் நிற்கிற கவிதைக்கு ‘ஒரு’, ‘அந்த’ என்று இரண்டு சொல்லைச் செருகி அனுப்புகிறார்கள். படித்தாலே அந்த இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

தமிழில் எது ஒரு சொல்? சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்தால் இரண்டு என்றால் எதை வைத்து எண்ணுவீர்கள்?

இடைவெளியை வைத்து எண்ணுகிறோம். இரண்டு இடைவெளிக்கு நடுவில் இருப்பது ஒரு சொல். இலக்கணப்படி பார்த்தால் இது முழுச் சரி இல்லை. ஆனால் அனுப்புகிறவரும் எண்ணுகிறவரும் ஒரே விடைக்கு வருவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

அதற்காக இடைவெளியை இஷ்டத்துக்கு விழுங்கவும் கூடாது. ‘தார்சாத்திண்ணையோரத்தூணருகில்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எண்ணினால் ஒன்றுதான், படிக்கிறவருக்கோ மூச்சு முட்டுகிறது. நடுவர் அதைக் கவிதையாகப் படிக்க மாட்டார், கணக்கை ஏய்க்கிற வேலையாகத்தான் பார்ப்பார்.

எனக்கு உதவுகிற அளவுகோல் துணைவினைதான். ‘அம்மா சொல்லிவிட்டாள்’ என்பதில் ‘விடு’ தனி வேலை எதுவும் செய்யவில்லை, சொன்னது முடிந்தது என்பதை மட்டும் காட்டுகிறது. அதனால் சேர்த்து எழுதலாம். ‘அம்மா பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டாள்’ என்பதில் விட்டதுதான் செயலே. அதைச் சேர்க்கக் கூடாது. ‘பிடித்துக்கொள்ளும்’, ‘ஆகிவிட்டது’, ‘அதுதான்’, ‘வரவில்லை’ இவையெல்லாம் சேர்ந்தே நிற்கும். ‘தள்ள வேண்டும்’ போன்றவற்றைச் சிலர் சேர்க்கிறார்கள், சிலர் பிரிக்கிறார்கள். நான் பிரிக்கிறேன். எப்படி எழுதினாலும் கவிதை முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு வரியில் ‘பிடித்துக் கொள்ளும்’ என்று பிரித்துவிட்டு இன்னொரு வரியில் ‘ஆகிவிட்டது’ என்று சேர்த்தால், கணக்குக்கு வசதியாக எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்துபோகும்.

நான் மரபுக்கவிதை எழுதுகிறவன். சீரை எண்ணினால் போதுமா?

ஏழு குறள் வெண்பா எழுதினால் 49 சீர் வரும், ஒன்றுதானே குறைகிறது என்று வீரவநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். அழகான கணக்கு. ஆனால் சீரும் சொல்லும் ஒன்றில்லை. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு’ என்பதில் சீர் ஏழு. ‘எழுத்தெல்லாம்’ என்பதைப் பிரித்தால் எழுத்து, எல்லாம் என்று சொல் எட்டாகிவிடும். தளைக்காக ஒரே சொல்லை இரண்டு சீராக உடைக்கிற வகையுளியும் உண்டு, அங்கே கணக்கு எதிர்ப்பக்கம் போகும். வெண்பாவே அனுப்புங்கள், ஆனால் அச்சில் இடைவெளி எங்கே விழுகிறதோ அதைப் பார்த்து எண்ணி அனுப்புங்கள். நாங்களும் அதைத்தான் எண்ணுவோம்.

தலைப்பும் ஐம்பதில் சேருமா?

எங்கள் போட்டியில் சேராது. வேறு இடத்துக்கு அனுப்பினால் விதியைப் படித்துக்கொள்ளுங்கள். சேராத இடத்தில் தலைப்பு ஒரு இனாம். ஆனால் கவிதையில் இடம் கிடைக்காததைத் தலைப்பில் ஒரு முழு வாக்கியமாக ஏற்றினால் நன்றாக இருக்காது.

என் கவிதை எழுபது சொல்லுக்கு மேல் போய்விட்டது. எங்கிருந்து வெட்ட ஆரம்பிப்பது?

பொதுவாகச் சொன்னால் விளங்காது. நான் எழுதிய ஒன்றையே காட்டுகிறேன். முதலில் எழுதியது இது:

எங்கள் வீடு என்பது
வெறும் கல்லும் மண்ணும் அல்ல.
அது என் உயிரின் கூடு.
தார்சாவும் பட்டாசலும் அரங்கும் அடுக்களையும்
இன்றும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.
ஐப்பசி மாதம் மழை பெய்தால்
வாசல் கதவு ஊறிப் போய்
நிலையைப் பிடித்துக் கொள்ளும்.
அதை இடது கையால் சற்றே தூக்கி
வலது தோளால் தள்ள வேண்டும்.
ஆச்சி அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள்,
அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.
வீட்டை விற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.
புதிதாகக் குடிவந்த பெண்
கதவைத் திறக்க முடியாமல் நிற்கிறாள்.
என் இடது கை தானாக உயர்கிறது.
வீடு இன்னும் எனக்குள்ளே இருக்கிறது.

68 சொல். 18 அதிகம். அங்கங்கே ஒன்றிரண்டு சொல்லாகக் கிள்ளினால் 50-க்கு வந்துவிடலாம்தான். அப்படி வந்தால் எல்லா வரியும் கொஞ்சம் கொஞ்சம் நொண்டும். நான் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்: இதில் என் வீட்டுக்கு மட்டுமே உரியது எது? கல்லும் மண்ணும் அல்ல என்பதை யாரும் எந்த வீட்டைப் பற்றியும் எழுதலாம். முதல் மூன்று வரி போயிற்று, 11 சொல். தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை என்ற வரிசை கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் அங்கே யாரும் எதுவும் செய்யவில்லை, வெறும் பட்டியல். அடுத்த வரியோடு சேர்த்து 8 சொல் போயிற்று. கடைசி வரி, கை உயர்ந்தது ஏன் என்று விளக்கம் சொல்கிறது. கையே சொல்லிவிட்டதை நான் ஏன் திரும்பச் சொல்ல வேண்டும்? அதில் 4. இப்போது மிச்சம் 45.

அதற்குப் பிறகுதான் வரிக்குள் கை வைத்தேன். ‘ஐப்பசி மாதம் மழை பெய்தால் வாசல் கதவு ஊறிப் போய் நிலையைப் பிடித்துக் கொள்ளும்’ என்ற 11 சொல், ‘ஐப்பசி மழையில் ஊறிக் கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளும்’ என்று 6 ஆயிற்று. ஐப்பசி என்றாலே மாதம்தான். ‘அதை’ தேவையில்லை. ‘சொல்லிக் கொடுத்தாள்’ இரண்டு முறை வேண்டாம், முதலாவது ‘சொன்னாள்’ என்று ஒரே சொல் ஆயிற்று, அடுத்ததை ‘அம்மா எனக்கு’ என்று நிறுத்தினாலே புரிகிறது. ‘வீட்டை’, ‘ஆகிவிட்டது’ இரண்டும் போயின. எண்ணிப் பார்த்தேன்: 34.

அப்படியானால் 16 சொல் குறைகிறதே. வெட்டியதையே திரும்பச் சேர்த்தீர்களா?

சேர்க்கவில்லை. வெட்டியவை போகட்டும், காட்சியில் எங்கே இருட்டாக இருக்கிறது என்று பார்த்தேன்.

முதல் இருட்டு: நான் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறேன்? முதல் வடிவத்தில் ஒரு கை மட்டும் ஆகாயத்தில் தொங்குகிறது. ‘தாமிரபரணியில் குளித்துத் திரும்புகையில் அந்தத் தெருவழியே வந்தேன்’ என்று 6 சொல் கொடுத்தேன். ‘ஆற்றில்’ என்று எழுதினாலும் ஒரு சொல்தான், ‘தாமிரபரணியில்’ என்றாலும் ஒரு சொல்தான். அதே விலையில் ஊரும் கிடைக்கும்போது ஊரை விடக் கூடாது.

இரண்டாவது, அந்தப் பெண். ‘திறக்க முடியாமல் நிற்கிறாள்’ என்பது செய்தி, காட்சி இல்லை. அவள் என்ன செய்தாள்? நாதாங்கி குலுங்க இழுத்தாள், உதைத்தாள். இடுப்பில் குடம் இருந்தது. இந்தக் குடத்தை அலங்காரத்துக்காக வைக்கவில்லை. குடம் இடுப்பில் இருந்தால் ஒரு கை அதற்குப் போய்விடும். கதவைத் தூக்க வேண்டிய கை அதுதான். இங்கே 4 சொல் கூடியது.

மூன்றாவது, விற்றதற்கும் திரும்ப வந்ததற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. ‘கிரையப் பத்திரத்தில் அதை எழுதவில்லை’ என்று வந்தது, 4 சொல். கடைசிக் கணக்கில் 51 என்று நின்றது. ‘கிரையப்பத்திரத்தில்’ என்று சேர்த்தால் தப்பித்திருக்கலாம், அப்படி எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் முந்தின வரியிலேயே ‘விற்று’ என்று இருக்கிறது. விற்ற வீட்டின் பத்திரம் கிரையப் பத்திரம்தானே. கிரையத்தை எடுத்துவிட்டேன், 3 ஆயிற்று.

மிச்சம் மூன்று சொல் முடிவில் சேர்ந்தது. ‘தானாக உயர்கிறது’ என்பதை ‘காற்றைச் சற்றே தூக்குகிறது’ என்று மாற்றி, முன்னால் ‘தெருவில் நின்ற’ என்று வைத்தேன்.

பிடித்த கதவு

ஐப்பசி மழையில் ஊறிக்
கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளும்.
இடது கையால் சற்றே தூக்கி
வலது தோளால் தள்ள வேண்டும்.
ஆச்சி அம்மாவுக்குச் சொன்னாள்,
அம்மா எனக்கு.

விற்றுப் பன்னிரண்டு வருஷம்.
பத்திரத்தில் அதை எழுதவில்லை.

தாமிரபரணியில் குளித்துத் திரும்புகையில்
அந்தத் தெருவழியே வந்தேன்.
புதிதாகக் குடிவந்த பெண்
இடுப்பில் குடத்தோடு நின்று
நாதாங்கி குலுங்கக்
கதவை இழுக்கிறாள், உதைக்கிறாள்.

தெருவில் நின்ற
என் இடது கை
காற்றைச் சற்றே தூக்குகிறது.

எண்ணிப் பாருங்கள். முதல் பத்தி 19, அடுத்தது 6, அதற்கடுத்தது 17, கடைசி 8.

‘இடது’, ‘சற்றே’ இரண்டும் இரண்டு தடவை வருகின்றன. இவ்வளவு சிக்கனத்தில் இது வீண் இல்லையா?

இல்லை. அந்த இரண்டு சொல்லும் திரும்ப வருவதால்தான் முடிவு முடிவாகிறது. மேலே கதவைத் தூக்கிய அதே கை, அதே அளவு, கீழே காற்றைத் தூக்குகிறது. வேறு சொல் போட்டிருந்தால் வாசகர் இரண்டையும் சேர்த்துப் பார்க்க நான் இன்னொரு விளக்க வரி எழுத வேண்டியிருக்கும்.

‘வீடு’ என்ற சொல்லே கவிதையில் இல்லையே. தலைப்பை விட்டு விலகியதாக நடுவர் நினைக்க மாட்டாரா?

‘கவிதையில் வீடு என்ற சொல் வர வேண்டும்’ என்று விதி இருந்தால் கட்டாயம் வைத்துவிடுங்கள். எங்களிடம் அப்படி இல்லை. வருகிற கவிதைகளில் பெரும்பாலானவை ‘வீடு என்பது’ என்றுதான் தொடங்குகின்றன. அந்த இரண்டு சொல்லும் ஐம்பதில் இரண்டு, போட்டித் தலைப்பையே திரும்பச் சொல்வதற்குச் செலவாகின்றன. கதவு, நிலை, நாதாங்கி, பத்திரம், குடிவந்த பெண் என்று வந்த பிறகு எது விற்கப்பட்டது என்று யாருக்கும் சந்தேகம் வராது. ‘அறம் பொருள் இன்பம் வீடு’ என்கிற அந்த வீட்டைப் பற்றியும் எழுதலாம், தடையில்லை. ஆனால் அப்படி வந்தவற்றில் வாசல்படிகூடக் கண்ணில் படவில்லை என்பது என் வருத்தம்.

ஊறிப்போன கதவைத் தூக்கினால் எப்படித் திறக்கும்? இதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள்?

தச்சு வேலை தெரிந்த ஒருவர் நடுவராக இருந்தால் கவனிப்பார். பழைய வீட்டுக் கதவுகள் பலவற்றில் கீல் கிடையாது. பலகையோடு சேர்ந்த குடுமி மேலும் கீழும் குழியில் நின்று சுழலும். பல வருஷம் சுழன்று அந்தக் குடுமி தேய்ந்தால் கதவு கொஞ்சம் கீழே இறங்கிவிடும். வெயில் காலத்தில் அது தெரியாது. மழையில் பலகை அகலவாக்கில் உப்பும்போது, இறங்கிய மூலை நிலைப்படியில் போய்ப் பிடிக்கும். வளையத்தைப் பிடித்துத் தூக்கினால் அந்த மூலை விடுபடும், பிறகு தள்ளினால் திறக்கும். பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து எழுதினால்தான் ‘சற்றே’ போன்ற சொல் தானாக வரும். தெரியாமல் எழுதினால் ‘மெல்ல’, ‘மெதுவாக’ என்று எங்கேயும் பொருந்துகிற சொல்தான் கைக்கு வரும்.

மாதமும் அப்படித்தான். தாமிரபரணிக் கரையில் ஐப்பசி கார்த்திகைதான் அடைமழைக் காலம், அதனால் என் கதவு ஐப்பசியில் பிடிக்கிறது. தென்காசி, குற்றாலம் பக்கத்து வீடு என்றால் ஆனி ஆடிச் சாரலிலேயே பிடிக்கும், அங்கே இருந்து எழுதுகிறவர் சாரலை எழுத வேண்டும்.

நம்ம ஊர்ப் பேச்சில் எழுதலாமா? வெளியூர் நடுவருக்குப் புரியாதே?

எழுதலாம். அடைப்புக்குறிக்குள் பொருள் எழுத 50 சொல்லில் இடம் கிடையாது. ஆகவே சொல்லை அதன் வேலையோடு வையுங்கள். ‘அங்கணம் நினைவிருக்கிறது’ என்றால் கோயம்புத்தூர்க்காரருக்கு ஒன்றும் விளங்காது. ‘அங்கணத்தில் குத்தவைத்துப் பாத்திரம் தேய்த்தாள்’ என்றால் கழுவுகிற இடம் என்று தானே தெரிந்துகொள்வார். ‘தட்டட்டியில் வத்தல் காய்ந்தது’ என்றால் மொட்டைமாடி கண்ணுக்கு வந்துவிடும். ‘ஆச்சி’ என்பது சில ஊர்களில் பாட்டி இல்லை. என் கவிதையில் ஆச்சி அம்மாவுக்குச் சொன்னாள், அம்மா எனக்குச் சொன்னாள் என்று வரிசை இருப்பதால் உறவு குழம்பாது.

பேச்சுமொழியில் கணக்கும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். ‘போய்க் கொண்டிருக்கிறான்’ என்று பிரித்து எழுதுகிறவர்கூட ‘போய்க்கிட்டிருக்கான்’ என்பதைச் சேர்த்துத்தான் எழுதுவார். எழுத்து வழக்கிலிருந்து பேச்சுக்கு மாற்றினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.

நான் எண்ணினால் 50, கம்ப்யூட்டர் 52 காட்டுகிறது. எது சரி?

குற்றவாளி பெரும்பாலும் கோடுதான். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். வேறு ஒரு போட்டிக்கு ‘ஆச்சி - அம்மா - நான்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். இரண்டு பக்கமும் இடைவெளி விட்டுத் தனியாக நிற்கும் கோட்டை வேர்டு ஒரு சொல்லாக எண்ணும். இரண்டு கோடு, இரண்டு சொல். 52 என்று திருப்பிவிட்டார்கள். ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய கவிதை அது, இன்றைக்கும் நினைத்தால் ஆறவில்லை. அன்றிலிருந்து கவிதையில் கோடு போடுவதில்லை, காற்புள்ளியும் வரி முறிவும் போதும்.

காற்புள்ளியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. போனில் தட்டும்போது ‘சொன்னாள்,அம்மா’ என்று இடைவெளி விடாமல் போனால் இரண்டும் ஒன்றாகி ஒரு சொல் குறையும். ‘சொன்னாள் , அம்மா’ என்று முன்னாலும் இடைவெளி விழுந்தால் காற்புள்ளி தனிச் சொல்லாகிவிடும்.

நான் தாளில் எண்ணுகிறேன். ஒரு வரிக்குப் பத்து சொல் என்று வரி முறிவைப் பார்க்காமல் எழுதினால் ஐந்து வரி நிறைய வேண்டும். கவிதையாகப் பார்க்கும்போது கண் தாண்டிப்போன ‘என்’, ‘அதை’ போன்றவை அப்படி வரிசையில் நிற்கும்போது அகப்பட்டுவிடும். தட்டச்சு செய்தபின் கம்ப்யூட்டர் எண்ணிக்கையும் 50 என்று வந்தால் அனுப்புங்கள். இரண்டும் ஒத்துவராமல் அனுப்ப வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்குக் கதவைத் திறக்கச் சொல்லிக்கொடுத்தீர்களா?

இதைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்லிக்கொடுத்தேன். “குடத்தக் கீழ வையி தாயி, வளையத்தப் பிடிச்சு லேசாத் தூக்கித் தள்ளு” என்றேன். குடத்தைப் படியில் வைத்துவிட்டுத் தூக்கித் தள்ளினாள், திறந்துகொண்டது. “ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?” என்று கேட்டாள். அதை ஒரு வடிவத்தில் எழுதியும் பார்த்தேன், 63 சொல் வந்தது. கை காற்றில் நிற்கிற இடத்தோடு நிறுத்தினால் சரியாக 50. அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் கவிதைக்கு வெளியே, அந்த வாசல்படியிலேயே இருக்கிறது.